ஒரு நிமிடத்துக்குப் பின் வெட்டப்பட்டது

பிரசவ வார்டில் எல்லோரும் அவளை எக்ஸ்பிரஸ் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராக வெறும் சிஸ்டர், முதுகுக்குப் பின்னால் எக்ஸ்பிரஸ். அவளுக்கும் அது தெரியும். தெரிந்தும் சண்டைக்குப் போகவில்லை. பாசஞ்சர் என்று வைத்திருந்தால் போயிருப்பாள்.

மற்றவர்கள் டீயை ஊதிக்கொண்டிருக்கும்போதே இவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்திருப்பாள். எதிரே இருப்பவர் பாதி வாக்கியம் பேசுவதற்குள் மீதியை இவளே பேசி முடித்துவிடுவாள், அதுவும் பெரும்பாலும் தப்பாக. பேருந்து நிற்பதற்கு முன்பே படியில் ஒரு கால் இருக்கும். அவள் கணவர் மின்சார வேலை பார்ப்பவர். ஒரு மின்விசிறியைக் கழற்றினால் அதன் பூர்வீகத்தையெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் திரும்ப மாட்டுவார். இந்த இரண்டு பேரையும் ஒரே வீட்டில் வைத்துப் பதினெட்டு வருடமாகக் குடித்தனம் நடப்பதைப் பார்த்தால், பொருத்தம் பார்ப்பவர்கள் எல்லாம் வேறு தொழிலுக்குப் போய்விடலாம் என்று தோன்றும்.

இப்படிப்பட்ட பெண் உலகத்தில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் அசையாமல் நிற்பாள். குழந்தை பிறந்து, துடைத்து, தாயின் நெஞ்சில் போர்த்திப் படுக்க வைத்த பிறகு, தொப்புள்கொடியை இரண்டு விரலால் மெல்லப் பிடித்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பாள். கொடிக்குள் துடிப்பு ஓடிக்கொண்டிருக்கும். அறையில் யார் அவசரப்பட்டாலும் இவள் காதில் ஏறாது. ஒரு நிமிடம் முழுசாக ஆகவேண்டும். துடிப்பு அடங்கி, கொடி வெளுத்துத் துவண்டால் இன்னும் திருப்தி. அதற்குப் பிறகுதான் கொடியைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப், அதற்குப் பிறகுதான் கத்தரி.

பிறக்கும்போதே அவள் இப்படி இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் பதினான்கு வருடம், கொடி வெட்டுவதில் அந்த மருத்துவமனையிலேயே அவள்தான் முதல். குழந்தை வெளியே வந்து பத்து விநாடிக்குள் இரண்டு கிளாம்ப், ஒரு வெட்டு, குழந்தை துணியில். பயிற்சிக்கு வருகிற பெண்களை நிற்க வைத்து, "பாத்தீங்களா, கை இப்படி இருக்கணும்" என்று காட்டுவாள். எதற்கு அவ்வளவு வேகம் என்று ஒருவரும் கேட்டதில்லை. வேகமாகச் செய்தால் நல்ல வேலை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

பிறகு பெரிய டாக்டரம்மா மாற்றலாகி வந்தார். வந்த முதல் வாரமே, "இனிமேல் ஒரு நிமிஷமாவது விட்டுட்டு வெட்டுங்க" என்றார்.

"எதுக்கு டாக்டர்?" என்றாள் எக்ஸ்பிரஸ். "குழந்தை வந்துடுச்சு. கொடிக்கு இனிமே என்ன வேலை?"

"வேலை இருக்கு. குழந்தையோட ரத்தத்துல மூணுல ஒரு பங்கு அந்த நேரத்துல நஞ்சுக்கொடியில நிக்குது. கொஞ்சம் விட்டா அதுல பெரும்பகுதி உள்ள வந்துடும்."

எக்ஸ்பிரஸ் உதட்டைப் பிதுக்கினாள். இப்படி ஊருக்கு ஒரு டாக்டர் வந்து ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், நாம் பார்க்காததா என்கிற பிதுக்கல். டாக்டரம்மா அந்த உதட்டைப் பார்த்துவிட்டார். வாக்குவாதம் செய்யவில்லை. அடுத்த சுகப்பிரசவத்துக்கு எடை பார்க்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்து, சுத்தமான துணி விரித்து, கட்டிலிலேயே தாயின் பக்கத்தில் வைத்தார். பிறந்த பையன் நன்றாக வீறிட்டு அழுதான். துடைத்து, சூடான துணியால் மூடி, கொடியை வெட்டாமலேயே அவனைக் கருவியில் கிடத்தினார்.

"எண்ணைப் பாருங்க சிஸ்டர்."

பையன் காலை உதைத்ததில் எண் கொஞ்ச நேரம் கூத்தாடியது. அடங்கியபோது இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து கிராம். எக்ஸ்பிரஸ் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முப்பது. ஐம்பது. அவன் ஒரு சொட்டுப் பால் குடிக்கவில்லை, யாரும் அவன்மேல் கையைக்கூட வைக்கவில்லை. எண்பது. இரண்டு நிமிடம் தாண்டியபோது இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்தில் வந்து நின்றது. கொடி வெளுத்துக் கிடந்தது.

"எண்பத்தஞ்சு கிராம்," என்றாள் எக்ஸ்பிரஸ். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "எங்கேருந்து டாக்டர்?"

"எங்கேருந்தும் இல்ல. அவனோடதுதான். வெளியில இருந்தது, உள்ள வந்துடுச்சு. அந்த ரத்தத்துல இருக்கிற இரும்பு அவனுக்கு மாசக்கணக்கா வரும். தாய்ப்பால்ல எல்லாம் இருக்கு, இரும்பு மட்டும் கொஞ்சம்தான். ஆறு மாசம் சாப்பாடு ஆரம்பிக்கிற வரைக்கும் பிறக்கும்போது கொண்டுவந்த கையிருப்பை வச்சுத்தான் ஓட்டணும். நீங்க பத்து விநாடியில வெட்டினா கையிருப்பைப் பாதியிலேயே பூட்டிட்டு அனுப்பற மாதிரி."

அன்று மதியம் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. பதினான்கு வருடம். வருடத்துக்கு எத்தனை குழந்தை என்று மனம் பெருக்கிப் பார்த்தது. பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஒன்பது மாதம் பத்து மாதத்தில் வெளுத்த முகத்தோடு, சாப்பிடவே மாட்டேங்குது சிஸ்டர் என்று தூக்கிக்கொண்டு வருவார்களே, அந்தக் குழந்தைகளில் எத்தனை பேருக்கு இவள் கத்தரி வைத்தாள்? உண்மையாகவே அழுகை வந்தது. கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அதையும் வேகமாகவே அழுது முடித்தாள்.

அதற்குப் பிறகு அவள் பண்ணிய அலப்பறை கொஞ்சநஞ்சம் இல்லை. புதிதாக மதம் மாறியவர்கள் தோற்றார்கள். அறுவை அரங்கில் டாக்டர் கத்தரியை நீட்டினால், "கத்தரி எங்கேயும் ஓடிடாது டாக்டர், இன்னும் இருபது விநாடி" என்று குறுக்கே கையை வைப்பாள். குறைமாதக் குழந்தை என்றால் இன்னும் பிடிவாதம், அதற்குத்தான் அந்த ரத்தம் உயிர்ப்பிச்சை என்பாள். மஞ்சள் காமாலை கொஞ்சம் கூடுமாமே என்று யாராவது இழுத்தால், "கூடினா விளக்குக்கு அடியில வச்சுப் பாத்துக்கலாம், விளக்கு சும்மாதானே இருக்கு" என்று வாயை அடைப்பாள். பேருந்தில் பக்கத்தில் கர்ப்பிணி உட்கார்ந்தால் போதும், இறங்கும் இடம் வருவதற்குள் பாடம் முடிந்திருக்கும். காய்கறிக் கடைக்காரர், "எனக்கு எழுபது வயசும்மா, என்னை விட்டுடுங்க" என்று ஒருநாள் கும்பிட்டே விட்டார்.

வார்டில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பிறப்புத் தாள் உண்டு. எடை, நேரம், அழுததா இல்லையா என்று கட்டம் கட்டமாக இருக்கும். கொடி வெட்டிய நேரத்துக்கும் ஒரு கட்டம் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினாள். வாங்கியவளுக்கே அதை ஒவ்வொரு முறையும் எழுதப் பொறுமை இல்லை. அலுவலகக் குமாஸ்தாவைத் துளைத்து ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்ய வைத்தாள். 'ஒரு நிமிடத்துக்குப் பின் வெட்டப்பட்டது.' நீல மையில் ஒரு குத்து, வேலை முடிந்தது. ஒரு வருடம் கழித்து மேலிடத்திலிருந்து பாராட்டுச் சான்றிதழ் வந்தது. இந்த வார்டில் நூற்றுக்கு நூறு குழந்தைகளுக்குத் தாமதித்துக் கொடி வெட்டப்படுகிறது என்று போட்டிருந்தது. சட்டம் போட்டு மேசைக்கு மேலே மாட்டினார்கள். எந்த வார்டிலாவது எதுவாவது நூற்றுக்கு நூறு நடக்குமா என்று ஒருவருக்கும் உறுத்தவில்லை. நூறு என்பது பார்ப்பதற்கு அவ்வளவு அழகான எண்.

இந்த நேரத்தில்தான் அவள் நாத்தனார் பிரசவத்துக்கு வந்தாள்.

நாத்தனாருக்கு முப்பத்தாறு வயது. கைபேசி நிறுவனம் ஒன்றின் வாடிக்கையாளர் சேவையில் வேலை. நாள் முழுக்க யாராரோ போனில் கத்துவார்கள், இவள் தேனாகப் பேசி அனுப்புவாள். சேர்த்து வைத்த கோபத்தையெல்லாம் அண்ணன் வீட்டுக்கு வரும்போது அண்ணன்மேலும் அண்ணிமேலும் இறக்குவாள். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துத் தங்கிய முதல் கரு. ரத்தம் குறைவு என்று இரும்பு மாத்திரை கொடுத்திருந்தார்கள். மாத்திரை என்ன பாடு படுத்துகிறது என்று தினமும் அண்ணிக்குப் போன் செய்து, கழிவறை விவரம் ஒன்று விடாமல் ஒப்பிப்பாள். ஒன்பதில் இருந்த ஹீமோகுளோபின் இழுத்துப் பிடித்துப் பத்தைத் தொட்டிருந்தது.

"எனக்கே ரத்தம் இல்ல," என்றாள் நாத்தனார், வலி எடுத்துப் படுத்த காலையில். "என் குழந்தைக்காவது நிறைய இருக்கட்டும். ஒரு நிமிஷம் எல்லாம் ஊருக்கு. எனக்கு முழுசா ரெண்டு நிமிஷம் வேணும் அண்ணி. குறைஞ்சா எழுந்து உதைப்பேன்."

"உதைக்கறதுக்கு முதல்ல முக்கு."

"சத்தியம் பண்ணுங்க."

"ரெண்டு நிமிஷம். சத்தியம். போதுமா? முக்கு!"

சொந்தக்காரிக்கு நீங்களே பிரசவம் பார்க்கவேண்டாமே என்று டாக்டரம்மா காலையில் சொல்லிப் பார்த்தார். அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் எக்ஸ்பிரஸ் கையுறையை மாட்டியிருந்தாள். பிறகு டாக்டரம்மாவை அறுவை அரங்குக்கு அழைத்துப் போய்விட்டார்கள். துணைக்கு இருந்தது ரேடியோ சிஸ்டர். வாய் மூடாத பெண், தங்கமான கை. முன்னேற்பாடுகளில் கெட்டிக்காரி. குழந்தையின் தலை தெரியத் தொடங்கியபோதே, பிறப்புத் தாளை எடுத்துத் தாயின் விவரம் எழுதி, கீழே நீல ஸ்டாம்பையும் ஒரு குத்து குத்தி வைத்துவிட்டாள். பிறகு குத்த நேரம் இருக்காது என்று இப்போதெல்லாம் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

பதினொன்று நாற்பதுக்குத் தலை வந்தது. கழுத்தில் கொடி இரண்டு சுற்று, இறுக்கமாக. எக்ஸ்பிரஸ் விரலை விட்டு இரண்டு சுற்றையும் தலைக்கு மேலாகக் கழற்றினாள். தோள் வந்தது, குழந்தை வந்தது. பெண். எக்ஸ்பிரஸின் கைகளில் ஈரத் துணி மாதிரித் தொங்கியது.

அழவில்லை.

ரேடியோ வழக்கப்படி எண்ண ஆரம்பித்தாள். "ஒண்ணு... ரெண்டு... மூணு..."

எக்ஸ்பிரஸ் துடைத்தாள். முதுகைத் தேய்த்தாள். பாதத்தைத் தட்டினாள். வாயைத் துடைத்தாள். மறுபடி முதுகு. நெஞ்சு ஏறவில்லை. நிறம் நீலத்திலிருந்து சாம்பலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"பன்னெண்டு... பதிமூணு..."

மூச்சுக் கொடுக்கும் அம்பு பேக், குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மர் மேசையில் இருந்தது. மேசை நான்கு எட்டுத் தள்ளி. கொடி அவ்வளவு தூரம் வராது. குழந்தையை அங்கே கொண்டுபோக வேண்டுமென்றால் வெட்டியாக வேண்டும். இது அவளுக்குத் தெரியாததா? குழந்தை மூச்சு விடவில்லையென்றால் காத்திருக்காதே, தாய்க்கு ரத்தம் கொட்டினால் காத்திருக்காதே, கொடி அறுந்தால் காத்திருக்காதே என்று பயிற்சிப் பெண்களுக்கு மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்தவளே இவள்தான். ஆனால் விரலுக்கு அடியில் கொடி துடித்துக்கொண்டிருந்தது. கழுத்தில் இறுகியிருந்த கொடி. அப்படி இறுகினால் குழந்தைக்குத் திரும்பி வரவேண்டிய ரத்தம் நஞ்சுக்கொடிப் பக்கமே தங்கிவிடும். இந்தக் குழந்தைக்குத்தான் மற்ற எவரையும்விட அது வேண்டும். இன்னும் பத்து விநாடி விட்டால் கொஞ்சம் உள்ளே வந்துவிடும். தேய்த்துக்கொண்டே இருந்தால் அழுதாலும் அழும். சத்தியம் வேறு.

"பத்தொம்பது... இருபது..." ரேடியோ எண்ணிக்கொண்டே போனாள். அவள் கண் எக்ஸ்பிரஸின் முகத்தையே பார்த்தது. இந்த வார்டில் எக்ஸ்பிரஸ் சொல்லாமல் ஒரு நிமிடத்துக்கு முன்னால் கொடியைத் தொட யாருக்கு நெஞ்சுரம் இருக்கிறது? அந்தப் பார்வையைப் பார்த்ததும்தான் எக்ஸ்பிரஸுக்கு உறைத்தது.

"எண்ணாதே! கிளாம்ப் குடு!"

இருபத்தைந்தாவது விநாடியில் வெட்டினாள். நான்கு எட்டை இரண்டு எட்டில் தாண்டினாள். தலையை நேராக வைத்து, முகமூடியை மூக்கும் வாயும் மூடப் பொருத்தி, பையை அழுத்தினாள். அழுத்து, விடு. அழுத்து, விடு. நெஞ்சு எழும்பியது. ரேடியோ காதுக்குழாயை வைத்து இதயத்தைக் கேட்டு, விரலால் மேசையில் தட்டிக் காட்டினாள். மெதுவாக இருந்த தட்டு கொஞ்சம் கொஞ்சமாக ஓட ஆரம்பித்தது. அழுத்து, விடு. ஒன்றரை நிமிடம் ஆனபோது அந்தச் சின்ன முகம் சுளித்தது. ஒரு விக்கல். இன்னொன்று. பிறகு, யார் என்னை எழுப்பியது என்று கேட்பது போல் ஒரு கத்தல்.

எக்ஸ்பிரஸ் பையை இறக்கி வைத்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டாள். ரேடியோ பேசவே இல்லை. அது அன்றைய இரண்டாவது அதிசயம்.

நாத்தனாருக்குத் தன் காலுக்கு அப்பால் நடந்தது எதுவும் சரியாகத் தெரியவில்லை. அவள் காதில் விழுந்தது அழுகை மட்டும்தான். குழந்தை நன்றாக மூச்சு விட்டு, இளஞ்சிவப்பான பிறகு கொண்டுபோய் நெஞ்சில் வைத்தார்கள். நாத்தனார் அழுதாள், சிரித்தாள். பிறகு தலையைத் தூக்கினாள்.

"முழுசா ரெண்டு நிமிஷம் விட்டீங்கல்ல அண்ணி?"

எக்ஸ்பிரஸ் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் வாயிலிருந்து வந்தது ஒரே எழுத்து.

"ம்."

அன்று வீட்டுக்குப் போயும் அந்த 'ம்' அவளை விடவில்லை. கணவர் காரணம் கேட்டார். தங்கைக்கும் குழந்தைக்கும் ஒன்றுமில்லையே என்று கேட்டார். இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள், எனக்குத்தான் தலைவலி என்றாள். தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. பதினெட்டு வருடத்தில் அவள் முன்னால் சோறு ஆறி அவர் பார்த்ததில்லை. தலைவலி மாத்திரையை எடுத்து வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை குழந்தை டாக்டர் சுற்றுக்கு வந்தார். அமைதியான மனிதர், எப்போதும் தூங்கி எழுந்த முகம். குழந்தையைத் தட்டிப் பார்த்தார், கேட்டுப் பார்த்தார், பிரசவத்தின்போது ரேடியோ எழுதிய குறிப்பைப் படித்தார். மூச்சுக் கொடுத்தது அதில் இருந்தது. பிறகு பிறப்புத் தாளைப் புரட்டினார்.

"பாப்பா மேடம் கொஞ்சம் சோம்பேறித்தனமா ஆரம்பிச்சிருக்காங்க. இப்ப எல்லாம் நல்லா இருக்கு," என்றார் நாத்தனாரிடம். "உங்களுக்கு ரத்தம் குறைவு, அதுதான் யோசிச்சேன். ஆனா கொடி ஒரு நிமிஷத்துக்கு அப்புறம்தான் வெட்டியிருக்காங்க. இரும்புக் கையிருப்பு இருக்கும். ஆறாவது மாசம் கூட்டிட்டு வாங்க, போதும்."

"ஒரு நிமிஷம் இல்ல டாக்டர், ரெண்டு நிமிஷம்," என்றாள் நாத்தனார் பெருமையாக. "எங்க அண்ணியாச்சே."

எக்ஸ்பிரஸ் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள். வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் ஒன்றும் ஆகாது. நாத்தனாருக்குத் தெரியாது, டாக்டருக்குத் தெரியாது, ரேடியோ இந்த ஒரு விஷயத்தில் சத்தியமாக வாயைத் திறக்க மாட்டாள். குழந்தைக்கு மட்டும் நாலாம் மாதமோ ஐந்தாம் மாதமோ இரும்பு தீர்ந்துபோகும். ஏன் வெளுக்கிறது என்று யாரும் பார்க்க மாட்டார்கள். தாளில்தான் நீல மையில் குத்தியிருக்கிறதே.

"இல்ல டாக்டர்," என்றாள். "இருபத்தஞ்சு விநாடி. குழந்தை மூச்சு விடல. வெட்டிட்டேன். கழுத்துல ரெண்டு சுத்து வேற, இறுக்கமா."

டாக்டரின் தூக்கம் போயிற்று. "அப்ப கதை வேற. மூணாவது மாசமே ரத்தம் பாத்துடலாம். தேவைப்பட்டா அப்பவே இரும்புச் சொட்டு மருந்து ஆரம்பிச்சுடலாம். வெட்டினது சரி சிஸ்டர். அதுல எந்தக் கேள்வியும் இல்ல." தாளைத் திருப்பிக் காட்டினார். "ஆனா இது என்ன?"

நாத்தனார் தாளைப் பார்க்கவில்லை. அண்ணியைப் பார்த்தாள்.

"நேத்து கேட்டப்ப 'ம்'னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"அது என்ன 'ம்'?"

"பயந்த 'ம்'."

நாத்தனாரின் கை குழந்தையின் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. ஏறி இறங்குகிறதா என்று பார்த்தது.

"வெட்டினதுக்கு உங்க கால்ல விழணும் அண்ணி," என்றாள் கடைசியில். "பொய் சொன்னதுக்கு ரெண்டு நாள் உங்ககூடப் பேச மாட்டேன். இப்ப நேரம் ஒம்பதேகால். எழுதி வச்சுக்கங்க."

வலிக்கத்தான் செய்தது. ஆனால் அந்த 'ம்' அவளை விட்டுவிட்டது. எக்ஸ்பிரஸ் பேனாவை எடுத்து நீல எழுத்தை அடித்து, '25 விநாடி, மூச்சு இல்லாததால்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். குழந்தை டாக்டர் போகவில்லை.

"சிஸ்டர், இது ஒண்ணுதானா?"

எக்ஸ்பிரஸ் மேசைக்குப் போய், சிக்கலான பிரசவங்களைக் குறித்து வைக்கும் பதிவேட்டை எடுத்து ஒரு பக்கம் வைத்தாள். பிறப்புத் தாள்களின் கட்டை எடுத்து இன்னொரு பக்கம் வைத்தாள். தேதி தேதியாக ஒத்துப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலையை மெதுவாகச் செய்தாள். தாய்க்கு ரத்தம் கொட்டி உடனே வெட்டிய குழந்தை: ஒரு நிமிடத்துக்குப் பின் வெட்டப்பட்டது. இழுபட்டுக் கொடி அறுந்தே போன குழந்தை: ஒரு நிமிடத்துக்குப் பின் வெட்டப்பட்டது. அறுந்த கொடியை எவள் ஒரு நிமிடம் கழித்து வெட்டினாள்? அம்பு பேக் வைத்த குழந்தைகள் ஒன்று விடாமல் எல்லாம் நீல மையில் அதே வாக்கியம். மொத்தம் இருபத்து மூன்று. அதில் நான்கு, தன் கையாலேயே குத்தியது.

அத்தனை குழந்தைகளுக்கும் அந்த நேரத்தில் வெட்டியதுதான் சரி. ஒன்றில்கூடத் தப்பு இல்லை. தப்பெல்லாம் தாளில் இருந்தது. இவர்களுக்குத்தான் முன்கூட்டியே ரத்தம் பார்த்திருக்க வேண்டும். இவர்களைத்தான் எல்லாம் இருக்கிறது என்று எழுதி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

டாக்டரம்மா இரண்டு கட்டுகளையும் பார்த்தார். திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "மேலிடத்துக்கு நான் எழுதறேன். இருபத்து மூணு பேரையும் நீங்க கூப்பிடுங்க," என்றார். சான்றிதழை எக்ஸ்பிரஸ் நாற்காலிமேல் ஏறித் தானே கழற்றினாள். ஸ்டாம்பைக் குமாஸ்தாவிடம் கொடுத்தபோது, "ஏன் சிஸ்டர், எழுத்து அழிஞ்சுடுச்சா?" என்று கேட்டார் பாவம்.

போன் செய்ய உட்கார்ந்த இடம் நாத்தனாரின் அறை. வேறெங்கும் சத்தமில்லாத இடம் இல்லை. கணவரும் தங்கையைப் பார்க்க வந்திருந்தார். எக்ஸ்பிரஸ் எண்ணை அழுத்தப் போனாள்.

"அண்ணா," என்றாள் நாத்தனார், கூரையைப் பார்த்தபடி. "உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு. எடுத்ததும் 'பயப்படாதீங்க'ன்னு ஆரம்பிக்கக் கூடாது. அப்படிச் சொன்னாத்தான் பயப்படுவாங்க."

கணவர் மனைவியின் பக்கம் நிதானமாகத் திரும்பினார். "எடுத்ததும்..."

"கேட்டுச்சு," என்றாள் எக்ஸ்பிரஸ்.

"அவங்க பேசி முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசக் கூடாதுன்னும் சொல்லு. முக்கியமா அதைச் சொல்லு."

முதல் எண்ணில் ஒரு பெண் எடுத்தாள். பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம். எக்ஸ்பிரஸ் யார், எங்கிருந்து என்று சொன்னாள். உங்கள் பையனுக்கு அன்றைக்குக் கொடியை உடனே வெட்ட வேண்டியிருந்தது, தாளில் தவறாக எழுதிவிட்டோம், இரும்புச் சத்து குறைந்திருக்கலாம், ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடலாம் என்று சொன்னாள். தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"எதுக்கு உடனே வெட்டினீங்க?"

"பிறந்ததும் மூச்சு விடலம்மா."

அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. எக்ஸ்பிரஸ் காத்திருந்தாள். நாத்தனார் கூரையை விட்டுவிட்டு அண்ணியைப் பார்த்தாள்.

"என் பையனா?" என்றது குரல். "மூச்சு விடலையா? எங்கிட்ட யாருமே சொல்லலையே. நான் மயக்கத்துல இருந்தேன். எல்லாம் நல்லபடியா நடந்ததுன்னு சொன்னாங்க. எழுதியும் குடுத்தாங்க."

"ஆமாம்மா. எழுதிக் குடுத்தோம்." எக்ஸ்பிரஸுக்குக் கண்ணில் நீர் கொட்டியது, துடைக்கவில்லை. "ரெண்டு நிமிஷம் மூச்சு விடல. அப்புறம் விட்டான்."

"அவன்கூட யார் இருந்தாங்க அப்போ?"

"நான்தாம்மா இருந்தேன்."

அந்தப் பெண் நீண்ட நேரம் அழுதாள். எக்ஸ்பிரஸ் போனைக் காதில் வைத்தபடியே இருந்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு அந்தப் பெண் கேட்டாள், "அவன் எப்படி இருந்தான்னு சொல்லுங்க சிஸ்டர். ஆரம்பத்துலேருந்து சொல்லுங்க."

எக்ஸ்பிரஸ் ஆரம்பத்திலிருந்து சொன்னாள்.